பிப்ரவரி 29ல பொறந்த பொண்ணு பத்தி சிறுவர் கதை, நடுவுல மூணு வருஷம் செத்துப் போய் கிடக்கு, என்ன பண்ணலாம்?

மீனா_கதை
எல்லாருக்கும் வணக்கம். ஆறுலேர்ந்து எட்டு வயசு பசங்களுக்கு ஒரு படக்கதை எழுதிட்டு இருக்கேன், சுமார் 700 வார்த்தை. கதை இதுதான். தேன்மொழி, வீட்ல தேனு. 2016 பிப்ரவரி 29 மத்தியானம் 12 மணிக்கு பொறந்தவ. நாலு வயசுல அவளோட தேதி ஒரு தடவ வந்துச்சு, அது அவளுக்கு லேசா ஞாபகம் இருக்கு. அதுக்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் காலண்டர்ல தேடுறா, 28க்கு அப்புறம் நேரா 1 வந்துடுது. அம்மா 28ல கொண்டாடலாம்னு சொல்றாங்க, அப்பா மார்ச் 1னு சொல்றார், தேனு ரெண்டும் வேணாம் என் நிஜ பொறந்தநாள் வரட்டும்னு அடம் பிடிக்கிறா. கடைசியா எட்டு வயசுல, ஒரு ஞாயித்துக்கிழமை, 29 வருது, எல்லாரும் கூடிக் கொண்டாடறாங்க.

தொடக்கமும் முடிவும் எனக்கு புடிச்சிருக்கு. நடுவுலதான் பிரச்சனை. அக்கா பையனுக்கு வாசிச்சுக் காட்டினேன், அஞ்சு வயசு காத்திருந்தா ஆறு வயசு காத்திருந்தான்னு வந்ததும் எழுந்து போயிட்டான். ஐடியா சொல்லுங்க.

சும்மா_வந்தேன்
சிஸ்டர் இது ரொம்ப சீரியஸ் மேட்டர், லேசா எடுத்துக்காதீங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு பையனுக்கு இதே தேதி, ஆன்லைன்ல ஏதோ ஒரு ஃபார்ம் ஃபில் பண்ணும்போது முதல்ல வருஷத்த செலக்ட் பண்ணாம மாசத்த செலக்ட் பண்ணினா 29 காட்டவே மாட்டேங்குது, அரை நாள் போச்சு. பேசாம பாப்பாவோட சர்டிபிகேட்ல இப்பவே 28னு மாத்திடுங்க, பின்னாடி தொல்லை இல்ல.

மீனா_கதை
அண்ணா தேனு நெஜப் பொண்ணு இல்ல, கதைல வர்ற பொண்ணு 😀

சும்மா_வந்தேன்
ஓ சாரி. தலைப்ப மட்டும் பாத்துட்டு எழுதிட்டேன். ஆனா ஃபார்ம் மேட்டர் உண்மை.

பழைய_எடிட்டர்
அண்ணா சொன்ன சர்டிபிகேட் யோசனைய யாரும் செய்ய வேணாம், பொறந்த தேதிய மாத்தினா அதுக்கப்புறம்தான் தொல்லையே ஆரம்பிக்கும்.

கதைக்கு வர்றேன். மீனாம்மா, நீங்க தனி மெசேஜ்ல அனுப்பின டிராஃப்ட்ட படிச்சேன். "காத்திருந்தாள்" ஒன்பது இடத்துல இருக்கு. உங்க அக்கா பையன் எழுந்து போனது சரிதான், ஏன்னா அந்தப் பொண்ணு எதுவுமே பண்ணல. காத்திருக்கறதுங்கறது ஒரு செயலே இல்ல, குழந்தைக்கு அதுல பாக்க ஒண்ணும் கிடையாது. தேனு கேக்கணும், போகணும், தப்பா ஏதாவது செய்யணும், ஒளிஞ்சுக்கணும். அவ எதையாவது தேடினா நடுவுல இருக்கற மூணு வருஷம் மூணு முயற்சியா மாறிடும். நாட்டுப்புறக் கதைல எல்லாம் மூணு தடவ போவான், ரெண்டு தடவ தோப்பான், அது சும்மா வந்ததில்ல.

இன்னொண்ணு. 2024 பிப்ரவரி 29 ஞாயிறு இல்ல, வியாழன். 2020ல சனி, 2024ல வியாழன், 2028ல செவ்வாய். நாலு வருஷத்துக்கு ஒரு தடவ அஞ்சு கிழமை தள்ளிப் போகும், ஞாயித்துக்கிழமை வேணும்னா 2032 வரைக்கும் போகணும், அப்ப தேனுக்கு பதினாறு வயசு. வருஷத்த எழுதினா கிழமைய சரியா எழுதுங்க, இல்லைன்னா வருஷத்தையே எடுத்துடுங்க. எட்டு வயசுல காலண்டர் பைத்தியம் புடிச்ச பசங்க இருக்காங்க, அதுவும் இந்தக் கதைய யாரு தேடிப் படிப்பான்னு நினைக்கிறீங்க, அவங்கதான்.

மீனா_கதை
ஐயோ வியாழனா. அப்ப ஸ்கூல் நாள். கூடிக் கொண்டாடற சீனே அடிபடுதே சார்.

கணக்குப்புலி
கதைல காரணத்தையும் சொல்லணும், இல்லைனா குழந்தைக்கு அந்தத் தேதி ஏன் காணாமப் போச்சுன்னே புரியாது. சிம்பிள். பூமி சூரியன ஒரு தடவ சுத்த 365 நாளும் 6 மணி நேரமும் ஆகும். அந்த 6 மணி நேரத்த கால் டம்ளர் தண்ணின்னு வச்சுக்கோங்க. வருஷா வருஷம் கால் டம்ளர் ஊத்தறா, நாலாவது வருஷம் டம்ளர் ரொம்பிடும், அதுதான் 29ம் தேதி. தேனு தண்ணி ஊத்திட்டே இருக்கட்டும், அதுவே ஒரு செயல்தானே. நாலால வகுபட்டா லீப், நூறால வகுபட்டா லீப் இல்ல, அதனாலதான் 2000 லீப் வருஷம் கிடையாது, அதையும் கடைசில ஒரு பெட்டிச் செய்தியா போட்டுடுங்க.

வானம்பாத்தவன்
தம்பி, 2000 லீப் வருஷம்தான். நூறால வகுபட்டா கிடையாது, ஆனா நானூறால வகுபட்டா மறுபடி உண்டு. 1900 கிடையாது, 2000 உண்டு, 2100 கிடையாது. அந்தப் பெட்டிச் செய்திய போடாதீங்கம்மா.

கணக்குப்புலி
ஆமா சரி, 400 விட்டுப் போச்சு. டம்ளர் ஐடியா சரிதானே?

வானம்பாத்தவன்
பரவால்ல, ஆனா டம்ளர் முழுசா ரொம்பாது, லேசா குறையும். அத அப்புறம் சொல்றேன்.

ரெண்டுகுட்டி_அம்மா
நான் இந்தப் பக்கம் எழுதறதே இல்ல, படிச்சுட்டு போயிடுவேன். ஆனா என் சின்னவ 2020 பிப்ரவரி 29, அதனால எழுதறேன்.

முதல் விஷயம், அவ 'எனக்கு ஏன் இல்ல'ன்னு அழுதது எல்லாம் ஒரு தடவதான். அவ கேட்டது வேற. வருஷா வருஷம் ஆறு மணி நேரம் மிச்சம் ஆகுதுன்னு நானும் சொல்லிப் பாத்தேன், உடனே அவ 'அப்ப அந்த ஆறு மணி நேரத்த அந்த வருஷமே சேத்துக்க வேண்டியதுதானே, எதுக்கு சேத்து வைக்கணும்'னு கேட்டா. எனக்கு பதில் வரல. வீட்டுக்காரர்தான் சொன்னார், அப்படிப் பண்ணினா புது வருஷம் நடுராத்திரிக்கு பதிலா காலைல ஆறு மணிக்கு பொறக்கும், அடுத்த வருஷம் மத்தியானம், அதுக்கடுத்த வருஷம் சாயங்காலம், தேதி மாறும்போது நீ ஸ்கூல்ல பாதி பீரியட்ல இருப்பேன்னு. அவளுக்கு அது ரொம்ப புடிச்சுப் போச்சு, அதுவே நல்லா இருக்கேன்னா.

ரெண்டாவது, 'நிஜ பொறந்தநாள்'ங்கற வார்த்தைய வேணாம்னு சொல்வேன். எங்க வீட்ல ஒரு மாமா விளையாட்டா உனக்கு ஒரு வயசுதான் ஆகுதுன்னு சொல்லி, மத்ததெல்லாம் டூப்புன்னு சொல்லி, அவ ரெண்டு நாள் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டா. கூடப் படிக்கிற பசங்களுக்கு நாலு வயசு எனக்கு மட்டும் ஒண்ணான்னு. பெரியவங்களுக்கு அது ஜோக், அவளுக்கு அப்படி இல்ல.

பழைய_எடிட்டர்
அம்மா, 'எதுக்கு சேத்து வைக்கணும்'ங்கற கேள்விய அப்படியே கதைல போடலாம், உங்க பொண்ணு சம்மதிச்சா.

'நிஜ' விஷயத்துல நான் ஒத்துக்க மாட்டேன். அந்த வார்த்தை தேனுவோடது, கதாசிரியரோடது இல்ல. தேனு நிஜம்னு ஒண்ண நம்பறா, கதை போகப் போக அந்த நம்பிக்கைக்கு என்ன ஆகுதுன்னுதான் நாம பாக்கறோம். ஆரம்பத்துலயே அத எடுத்துட்டா அவ எதுக்கு அடம் பிடிக்கணும்?

ரெண்டுகுட்டி_அம்மா
சார் நீங்க சொல்றது படிக்கிறவங்களுக்கு சரி. மடில உக்காந்து கேக்கறவளுக்கு வார்த்தைதான் தங்கும்.

வானம்பாத்தவன்
மீனாம்மா, அம்மா 28ங்கறாங்க அப்பா 1ங்கறார்னு எழுதியிருக்கீங்கல்ல, கதையோட சாவி அங்கயே இருக்கு, நீங்க அத ஒரு வரில தாண்டிப் போயிட்டீங்க. இதுக்கு சட்டத்துலயே ஒரு பதில் கிடையாது, இங்கிலாந்துல மார்ச் 1னு எடுத்துக்கறாங்க, நியூசிலாந்துல பிப்ரவரி 28ங்கறாங்க. ஆனா வானத்துல பாத்தா பதில் இருக்கு, அதுவும் ஒவ்வொரு வருஷமும் வேற வேற பதில்.

பொறந்தநாள்னா என்ன? பூமி சூரியன ஒரு சுத்து சுத்திட்டு நீங்க பொறந்தப்ப இருந்த இடத்துக்கு திரும்ப வர்ற நேரம். அதுக்கு 365 நாளும், ஆறு மணி நேரத்துக்கு ஒரு பதினோரு நிமிஷம் குறைச்சலாவும் ஆகும். அதாவது ஒவ்வொரு வருஷமும் அந்த நேரம் கிட்டத்தட்ட கால் நாள் தள்ளிப் போகும். தேனு மத்தியானம் 12க்கு பொறந்தவ. அவளுக்கு நாலு வயசு முடிஞ்சு அடுத்து வர்ற நாலு வருஷத்துக்கு உக்காந்து கணக்குப் போட்டேன். அஞ்சாவது வயசு, பிப்ரவரி 28 சாயங்காலம் அஞ்சு மணி வாக்குல வருது. ஆறாவது வயசும் 28தான், ஆனா ராத்திரி பதினொண்ணு அடிக்கப் போற நேரம். ஏழாவது வயசு நடுராத்திரியத் தாண்டிடுது, மார்ச் 1 விடிகாலை நாலே முக்கால் கிட்ட. எட்டாவது வயசு, அந்த வருஷம் 29 இருக்கறதால, 29ம் தேதி காலை பத்தரை.

அம்மாவும் சரி அப்பாவும் சரி. ரெண்டு வருஷம் அம்மா ஜெயிக்கிறாங்க, ஒரு வருஷம் அப்பா. தேனு வருஷா வருஷம் தேதியத் தேடக் கூடாது, நேரத்தத் தேடணும்.

தூரிகை
படம் வரையறவ பேசறேன். சார் இது எனக்கு லட்டு மாதிரி. சாயங்காலம், ராத்திரி, விடிகாலை, நல்ல வெயில். நாலு பக்கத்துக்கு நாலு வானம், நாலு கலர், ஒரே ஜன்னல். 32 பக்க படக்கதைல தலைப்பு, உரிமைப் பக்கம் எல்லாம் போக எதிரெதிர் ரெண்டு பக்கம் சேந்த விரிப்பு பன்னெண்டு பதிமூணுதான் கைல நிக்கும், இதுல ஒவ்வொரு வருஷத்துக்கும் ரெண்டு விரிப்பு குடுத்தா எட்டு போயிடும், மிச்சம் தொடக்கத்துக்கும் முடிவுக்கும். மீனாக்கா உங்க பழைய டிராஃப்ட்ல நான் என்ன வரைவேன், காலண்டர் காலண்டர் காலண்டர், மூணாவது காலண்டர்ல எனக்கே தூக்கம் வந்திருக்கும்.

கணக்குப்புலி
வானம் சார் ஒரு டவுட். நான் போட்டா சாயங்காலம் 6, நடுராத்திரி 12, காலை 6, கடைசில மத்தியானம் 12 வருது, அழகா பொறந்த நேரத்துலயே முடியுது. உங்களுக்கு எப்படி பத்தரை?

வானம்பாத்தவன்
அதான் தம்பி டம்ளர் முழுசா ரொம்பாதுன்னு சொன்னது. நீங்க கால் டம்ளர்னு ஊத்தினது கால விட கொஞ்சம் கம்மி, வருஷத்துக்கு பதினோரு நிமிஷம் சொச்சம். நாலு வருஷத்துல முக்கால் மணி நேரம் முன்னாடி வந்து நிக்கும். தேனுக்கு எட்டு வருஷம், அதனால ஒன்றரை மணி நேரம் முன்னாடி, பத்தரை. நாம ஒரு முழு நாள சேக்கறோம், ஆனா அங்க முழு நாள் சேரல.

இந்த முக்கால் மணி நேரம்தான் 128 வருஷத்துக்கு ஒரு நாளா வளந்து நிக்கும். ஜூலியஸ் சீசர் காலத்து காலண்டர்ல இத கவனிக்காம விட்டதால 1582 வர்றதுக்குள்ள பத்து நாள் பிசகிப் போச்சு, அந்த வருஷம் அக்டோபர் 4க்கு அடுத்த நாள அக்டோபர் 15னு வச்சு சரி பண்ணாங்க. நூறால வகுபட்டா லீப் கிடையாதுங்கற விதியும் அப்ப வந்ததுதான்.

பழைய_எடிட்டர்
அந்த விதியால அடிபட்டவர் நமக்குத் தெரிஞ்சவர்தான். மொரார்ஜி தேசாய் பொறந்தது 1896 பிப்ரவரி 29. 1900ல 29ம் தேதி கிடையாது. அதனால அந்தத் தேதி அவருக்கு முதல் தடவ திரும்பி வந்தது 1904ல, எட்டு வயசுல. தேனு வயசு. அதே 1904 பிப்ரவரி 29ல பொறந்தவங்கதான் ருக்மிணி தேவி அருண்டேல். சும்மா சொன்னேன், இதையெல்லாம் கதைக்குள்ள கொண்டு போகாதீங்க.

சும்மா_வந்தேன்
எனக்கு ஒண்ணு புரியல, பூமி அதே இடத்துக்கு எப்படி திரும்ப வரும், சூரியனே நகந்துட்டு இருக்குன்னு வீடியோல பாத்தேனே. எதுவுமே அதே இடத்துக்கு வராது.

வானம்பாத்தவன்
இந்தத் தடவ கேட்டது நல்ல கேள்வி. சூரியன வச்சு பாத்தாதான் அதே இடம். அதுலயும் எத வச்சு அளக்கறோம்னு ஒண்ணு இருக்கு. நான் சொன்னது பருவத்த வச்சு, அதாவது வெயிலும் பகல் நீளமும் அதே மாதிரி திரும்ப வர்ற கணக்கு. நாம புழங்கற காலண்டர் அதுக்குத்தான் ஒட்டிப் போகுது. பின்னால தெரியற நட்சத்திரத்த வச்சு அளந்தா ஒரு சுத்துக்கு இன்னும் இருபது நிமிஷம் கூட ஆகும், ஆறு மணி நேரத்தயும் தாண்டிப் போயிடும். மத்த கிரகங்க இழுக்கறதால வருஷத்துக்கு வருஷம் சில நிமிஷம் முன்ன பின்னயும் ஆகும். அதனால மீனாம்மா, கதைல 4.41னு எழுதிடாதீங்க, 'சேவல் கூவறதுக்கு முன்னாடி'ன்னு எழுதுங்க.

மீனா_கதை
ராத்திரி உக்காந்து நடுப்பகுதிய மாத்தி எழுதினேன். இப்ப இப்படி இருக்கு.

அஞ்சு வயசு. பாட்டி சொல்றா, பூமி உன் இடத்துக்கு இன்னைக்கு சாயங்காலம் வரும். தேனு மொட்டை மாடில நிக்கறா, வந்தா எப்படித் தெரியும்னு கேக்கறா. சத்தம் கேக்கும்னு தம்பி சொல்றான். ஒண்ணும் கேக்கல. வெளக்கு போடற நேரம் ஆயிடுது.

ஆறு வயசு. இந்தத் தடவ ராத்திரி. முழிச்சிருப்பேன்னு சபதம் போடறா, ஜன்னல் பக்கத்துல உக்காந்து விரல்ல எண்றா, எழுபத்தி மூணுல தூங்கிடறா. காலைல எழுந்து 'பூமி வந்துட்டு போயிடுச்சா'ன்னு கேக்கறா.

ஏழு வயசு. யாரும் எழுப்பல. இருட்டுல அவளே எழுந்துக்கறா.

இதுக்கு மேல போக முடியல.

பழைய_எடிட்டர்
எழுபத்தி மூணுல தூங்கினது ரொம்ப நல்லா இருக்கு. 'காத்திருந்தாள்' ஒண்ணு கூட இல்ல, கவனிச்சீங்களா. தம்பிய வெட்டாதீங்க, தப்பா சொல்ல ஒரு ஆள் கதைக்குள்ள வேணும், விளக்கம் எல்லாம் பெரியவங்க வாயில வந்தா பாடம் ஆயிடும்.

ஏழாவது வயசுல அவ தனியா எழுந்துக்கறது சரி. அங்க எதுவும் பேச வேணாம். தூரிகை பாத்துக்கட்டும்.

தூரிகை
பாத்துக்கறேன். வீடு முழுக்க தூங்குது, அவ மட்டும் முழிச்சிருக்கா, ஜன்னல்ல கீழ் வானம் லேசா வெளுக்க ஆரம்பிக்குது. எழுத்தே இல்லாத விரிப்பு.

வானம்பாத்தவன்
நாலே முக்காலுக்கு பெரும்பாலான ஊர்ல மார்ச் தொடக்கத்துல வானம் வெளுக்காதும்மா, கும்மிருட்டாத்தான் இருக்கும். நட்சத்திரம் போடுங்க.

தூரிகை
சரி நட்சத்திரம். இன்னும் நல்லது.

மீனா_கதை
எட்டாவது வயசுதான் இப்ப சிக்கல். வியாழன் காலை பத்தரை, கிளாஸ்ல இருப்பா. எல்லாரும் கூடிக் கொண்டாடற சீன் எனக்கு ரொம்ப ஆசையா எழுதினது.

பழைய_எடிட்டர்
அத விட்டுடுங்க. கிளாஸ்ல பாடம் நடக்குது, அவ கடிகாரத்தப் பாக்கறா, பத்தரை ஆகுது, அவளுக்கு மட்டும் தெரியும். நாலு வருஷமா வேணும்னு கேட்ட தேதியும் வந்துடுச்சு, நேரமும் தெரிஞ்சுடுச்சு, பக்கத்துல இருக்கறவ பென்சில் சீவிட்டு இருக்கா. அங்க முடிச்சிடலாம்.

கணக்குப்புலி
சார் அது சோகமா இருக்கு. நாலு வருஷம் கழிச்சு ஒரு பார்ட்டி கூட இல்லையா? குழந்தை கதைய மூடி வச்சிட்டு 'அப்புறம் கொண்டாடினாங்களா இல்லையா'ன்னுதான் கேக்கும்.

ரெண்டுகுட்டி_அம்மா
கணக்கு தம்பி பக்கம் நான். சாயங்காலம் வீட்ல எல்லாரும் இருக்கட்டும், ஒரே ஒரு படம் போதும், வார்த்தை வேணாம்.

பழைய_எடிட்டர்
பின் அட்டைல வேணா அந்தப் படத்தப் போடலாம். அதுக்கு மேல நான் எறங்கி வர மாட்டேன் 🙂

மீனா_கதை
ரெண்டு மாதிரியும் எழுதி அக்கா பையன்கிட்ட வாசிச்சுப் பாக்கறேன், எதுல எழுந்து போகாம இருக்கான்னு பாப்போம். தலைப்புல 'நிஜ' வருமா வராதான்னும் இன்னும் முடிவு பண்ணல.

சும்மா_வந்தேன்
வானம் சார், மத்தியானம் பொறந்தா இப்படி. வேற நேரத்துல பொறந்தா? அந்தப் பையனுக்கு சொல்லலாம்னு கேக்கறேன்.

வானம்பாத்தவன்
முதல் நாலு வருஷத்துக்கு ஒரு குத்துமதிப்பு சொல்றேன். காலை ஆறரைக்கு முன்னாடி பொறந்தவங்களுக்கு நடுவுல வர்ற மூணு வருஷமும் 28லயே விழும். சாயங்காலம் ஆறேகாலுக்கு அப்புறம் பொறந்தவங்களுக்கு மூணும் மார்ச் 1. இடைப்பட்ட நேரம்னா தேனு மாதிரி ரெண்டு பக்கமும் பிரியும். வயசு ஏற ஏற அந்த முக்கால் மணி நேரம் சேந்து சேந்து எல்லை கொஞ்சம் கொஞ்சமா நகரும்.

ரெண்டுகுட்டி_அம்மா
இதப் படிச்சுட்டு போய் ஃபைல எடுத்துப் பாத்தேன். சின்னவ பொறந்தது ராத்திரி 9.40. சார் கணக்குப்படி 29 இல்லாத எல்லா வருஷமும் மார்ச் 1தான் வருது, நாங்க வருஷா வருஷம் 28ல கொண்டாடிட்டு இருக்கோம். அவகிட்ட சொல்லியிருக்கக் கூடாது, சொல்லிட்டேன். இப்ப காலண்டர் முன்னாடி நின்னுக்கிட்டு, அப்ப இவ்வளவு நாளா நான் பொறக்கறதுக்கு முந்தின நாளா கொண்டாடினீங்கன்னு கேட்டுட்டு இருக்கா.